கூடுதுறையில் முங்குவது போல் வரும் கனவு: சாமி கூப்பிடுகிறதா, உடம்பு கெஞ்சுகிறதா?

“எனக்கு 48 வயது, காங்கயம் பக்கம். மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று நாள், விடியக்காலத்தில், பவானி கூடுதுறையில் முங்குவது போலவே கனவு வருகிறது. எழுந்தால் அழுகை வருகிறது. மாமியார் ‘சங்கமேஸ்வரர் கூப்புடறாரு, போய்ட்டு வந்துரு’ என்கிறார். மகள் ‘உனக்குத் தூக்கம் பத்தலம்மா, வேற ஒண்ணுமில்ல’ என்கிறாள். மாமனார் படுத்த படுக்கை, மாடு இரண்டு, எங்கேயும் கிளம்ப முடியாது. இது பக்தியா, வெறும் அலுப்பா?”

கடைசி வரியை விட அதற்கு முந்தைய வரியில்தான் என் கண் நின்றது. கனவுக்கு அர்த்தம் கேட்பது போலத் தெரிந்தாலும், நான் இரண்டு நாள் இந்த வீட்டை விட்டுப் போகலாமா, போனால் அது நியாயமா என்றுதான் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. பக்தி என்று முடிவானால் கிளம்பிவிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அலுப்பு என்று முடிவானால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கு உள்ளே ஓடுவதால்தான் மாமியார் சொல்வதும் மகள் சொல்வதும் உங்களை இப்படி இழுக்கின்றன. நான் ஈரோட்டில் 24 ஆண்டுகளாக உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். இதே கனவைப் பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கூடுதுறை, இன்னொருவருக்குக் கொடுமுடி, கோவைப் பக்கத்தவர்களுக்குப் பேரூர், சிலருக்கு ராமேசுவரம். இடம் மாறுகிறது, முங்குவது மட்டும் மாறுவதில்லை.

முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கனவு ஏன் விடியக்காலத்தில் வருகிறது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக அசையும் ஒரு கட்டம் வரும். 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் இதைக் கண்டு எழுதினார்கள். தெளிவான, கதை போல நீளும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. முன்னிரவில் அது சில நிமிடம்தான் இருக்கும், விடியலை நெருங்க நெருங்க அரை மணி நேரம் வரைகூட நீளும். நீங்கள் பால் கறக்க நாலரை மணிக்கு எழுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், நீளமான கனவின் நட்டநடுவில் எழுகிறீர்கள். நடுவில் அறுபட்ட கனவுதான் நன்றாக நினைவில் நிற்கும். “விடியக்காலக் கனவு பலிக்கும்” என்று நம் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். விடியக்காலக் கனவுதான் முழுதாக ஞாபகத்தில் இருக்கிறது, ஞாபகத்தில் இருப்பதைத்தான் பிறகு நடப்பதோடு பொருத்திப் பார்க்க முடியும். ஆக, விடியக்காலத்தில் வந்தது என்பதை மட்டும் வைத்து இது சாமி கூப்பிடுவது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உறுதி. தூங்கும்போது உடம்புக்கு நடப்பது கனவுக்குள் நுழையும். 1958இல் டிமென்ட், வால்பெர்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் கனவுக் கட்டத்தில் இருந்தவர்களின் தோலில் தண்ணீர் தெளித்து, பிறகு எழுப்பிக் கேட்டார்கள். 100க்கு 42 தடவை கனவில் ஏதோ ஒரு வடிவில் தண்ணீர் வந்திருந்தது. வெளிச்சமும் ஒலியும் அந்த அளவுக்கு நுழையவில்லை. இதை உங்களிடம் சொல்லக் காரணம் உங்கள் வயது. மாதவிலக்கு நிற்கப் போகும் பருவத்தில் பல பெண்களுக்கு இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை சூடு ஏறி, வியர்த்து, அப்புறம் சில்லிட்டுப் போகும். கழுத்தும் முதுகும் நனைந்து கிடக்கும் நேரத்தில் கனவும் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆற்றுக்குப் போவது ஆச்சரியமே இல்லை. கனவு வந்த அன்று எழுந்ததும் ரவிக்கைக் கழுத்தையும் தலையணையையும் தொட்டுப் பாருங்கள். பிரஷருக்கோ படபடப்புக்கோ மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனலால் போன்ற மாத்திரை எடுத்தால் அதுவும் சிலருக்குக் கனவைத் தெளிவாக்கும், அழுத்தமாக்கும். மூன்று மாதத்துக்கு முன் புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இனி சந்தேகத்துக்கு இடமானது. ஆற்றில் குளித்தால் பாவம் தீரும், கலங்கிய தண்ணீர் என்றால் நோய், தெளிந்த தண்ணீர் என்றால் பணம் என்று கனவுப் பலன் புத்தகங்கள் போடும் பட்டியலை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒரே கனவு தறி ஓட்டுபவருக்கும் பண்ணையம் பார்ப்பவருக்கும் ஒரே பொருள் தருவதை நான் பார்த்ததில்லை. கனவு எல்லாமே ஆசையின் நிறைவேற்றம் என்று 1900இல் ஃபிராய்டு சொன்னதையும் இன்று பெரும்பாலோர் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் அவர் சொன்ன ஒரு சின்ன விஷயம் இங்கே உதவும். இரவில் உப்பான பண்டம் தின்றுவிட்டுப் படுத்தால், தான் தண்ணீர் குடிப்பது போலவே கனவு வரும் என்றார். எழுந்து போய்க் குடிக்க வேண்டிய வேலையைக் கனவு கொஞ்ச நேரம் தள்ளிப்போடுகிறது, தூக்கம் நீள்கிறது. களைத்தவரின் தீர்த்தக் கனவில் இந்த வகை நிறைய இருக்கிறது. சங்கமேஸ்வரர் உண்மையில் கூப்பிட்டாரா என்பதை என் படிப்பால் அளக்க முடியாது. அளந்து சொல்கிறேன் என்று யாராவது வந்தால், அவர் உளவியல்காரரானாலும் ஜோசியரானாலும், கொஞ்சம் தள்ளியே இருங்கள். களைப்பின் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் நம்மால் பிரித்துப் பார்க்க முடியும். அதைப் பிரித்தபின் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம்.

எப்படிப் பிரிப்பது என்பதை நான் ஒரு அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளிபாளையம் பக்கம், வயது 51, வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி. கணவரும் ஒரு ஆளும் மாறி மாறி ஓட்டுவார்கள். இவர் தார் சுற்றுவார், அறுந்த நூலை முடிபோடுவார், சமையல், கூடவே நடக்க முடியாத மாமியார். அவருக்கு வந்ததும் உங்கள் கனவுதான். கூடுதுறைப் படியில் இறங்குகிறார், கழுத்து வரை தண்ணீர், முங்குகிறார். கரையில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவது போல இருக்கும், திரும்ப மாட்டார். அங்கேயே விழிப்பு வந்துவிடும். அம்மன் கூப்பிடுகிறது என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியிருந்தது. பரிகாரம் கேட்டு இரண்டு இடத்தில் பணமும் கொடுத்திருந்தார்.

நான் அவரிடம் கோயிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முங்கிய அந்த நொடியில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தண்ணிக்குள்ள போனதும் தறிச்சத்தம் நின்னு போகுதுங்க.” சொன்னபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. கனவில் தறியே வரவில்லையே, அந்தச் சத்தம் எப்படி நிற்கும் என்று என்னிடம் திருப்பிக் கேட்டார். கரண்ட் போனால்தான் அந்த வீட்டில் அமைதி. இருபது ஆண்டுகளாகக் காதில் ஓடிய சத்தம் நிற்கும் இடமாக அவருடைய தூக்கம் ஆற்றின் அடியைக் கண்டுபிடித்திருந்தது. அந்தக் கனவில் சாமி இல்லை, கோபுரம் இல்லை, வேண்டுதல் இல்லை. குளித்து முடித்துச் சன்னதிக்குப் போனதும் இல்லை. எல்லா நாளும் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிட்டது.

பிறகு 14 நாள் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். படுத்த நேரம், இரவில் எழுந்த தடவை, காலையில் எழுந்த நேரம், கனவு உண்டா இல்லையா, அவ்வளவுதான். படுப்பது 11 மணி தாண்டி. ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் மாமியாரை எழுப்பி உட்கார வைக்க எழுந்திருக்கிறார். காலை நாலேமுக்காலுக்கு எழுந்துவிடுவார். கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை. கனவு வந்த ஐந்து நாளில் நான்கு நாள், முந்தைய இரவு மூன்று தடவைக்கு மேல் எழுந்த நாளுக்கு அடுத்ததாக இருந்தது. இந்த எண்ணிக்கையை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், 14 நாள் மிகவும் கொஞ்சம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று அது காட்டியது.

ஒரு வாரமாவது வேறு இடத்தில் தூங்கிப் பார்க்கச் சொன்னேன். ஓய்வெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பண்ணாரி அம்மனுக்கு வேண்டுதல், செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போட வேண்டும், அதனால் சத்தியமங்கலத்தில் தங்கச்சி வீட்டில் ஒன்பது நாள் இருக்கிறேன் என்றார். பொய் இல்லை, உண்மையாகவே வேண்டிக்கொண்டுதான் போனார். ஆனால் எனக்கு அன்று ஒன்று புரிந்தது. நம் பக்கத்தில் ஒரு நடுவயதுப் பெண் யாரிடமும் விளக்கம் சொல்லாமல் எடுக்கக்கூடிய விடுப்பு கோயில் ஒன்றுதான். தைப்பூசத்துக்குப் பச்சை கட்டிப் பழனிக்கு நடந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை, வழியெல்லாம் மோரும் சோறும் கொடுப்பார்கள். அதே பெண் மூன்று நாள் சும்மா படுத்திருந்தால் வீட்டில் முகம் மாறும். தூங்கும் மனசுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஓய்வு வேண்டும் என்று கேட்க அது கட்டில் ஒன்றைக் காட்டுவதில்லை, கூடுதுறையைக் காட்டுகிறது. உங்கள் மாமியாரும் மகளும் சொல்வது ஒன்றையொன்று வெட்டாமல் இருப்பது இதனால்தான்.

தங்கச்சி வீட்டில் முதல் மூன்று இரவும் பத்து மணி நேரம் தூங்கினார். கனவு குறையவில்லை, கூடியது. பயந்து போய் போன் செய்தார். நெடுநாள் தூக்கம் கெட்டவர் நன்றாகத் தூங்கத் தொடங்கினால், இழந்த கனவுக் கட்டத்தை உடம்பு முதல் சில நாளில் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதனால் கனவுகள் பெருகும். இது தெரியாமல், ஓய்வெடுத்தும் கனவு போகவில்லை, அப்படியானால் தெய்வ சங்கதிதான் என்று முதல் வாரத்திலேயே முடிவுக்கு வந்துவிடுபவர்கள் உண்டு. ஆறாவது நாளிலிருந்து அவருக்கு அந்தக் கனவு வரவில்லை. வீடு திரும்பிய நான்காம் நாள் மறுபடி வந்தது. அந்தக் கனவில் பெரும்பங்கு களைப்பு என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சத்தியமங்கலத்தில் தினமும் சாயங்காலம் கீழ்பவானி வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்திருக்கிறார். நன்றாகத் தூங்கி எழுந்த நாட்களில், கனவே வராத நாட்களில், பட்டப்பகலில் அவருக்கு அம்மாவைப் பெற்ற அம்முச்சி ஞாபகம் வந்திருக்கிறது. சின்ன வயதில் ஆடிப் பதினெட்டுக்கு அம்முச்சி கையைப் பிடித்துக்கொண்டு காவிரிக்குப் போனது, காதோலை கருகமணியை ஆற்றில் விட்டது, ஈரப் பாவாடையோடு கட்டுச்சோறு சாப்பிட்டது எல்லாம் வந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பின் அந்த நாளில் ஆற்றுக்கு ஒரு முறைகூடப் போகவில்லை, அம்முச்சி இறந்தபோதும் வேலையை விட்டுச் சரியாகப் போய் இருக்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, குரல் தெளிவாக இருந்தது. “போகோணுங்க” என்று ஒரே சொல்லில் முடித்தார். இதை நான் களைப்பு என்று ஒதுக்க மாட்டேன். ஏக்கம் கனவில் இருக்கிறதா என்று நானும் அவரும் தேடிக்கொண்டிருந்தோம், அது தூக்கம் தெளிந்த பகலில் இருந்தது.

அதற்குப் பிறகு வருபவர்களிடம் நான் இதைத்தான் பார்க்கிறேன். களைப்புக் கனவில் முங்குவதே முடிவாக இருக்கும், அப்புறம் ஒன்றும் இருக்காது. யாரும் தேவைப்பட மாட்டார்கள், யார் கூப்பிட்டாலும் தொந்தரவாக இருக்கும். ஒரு வாரம் நல்ல தூக்கம் கிடைத்தால் அதன் பிடி தளரும். ஏக்கம் உள்ள கனவில் முங்கியபின் எங்கோ போக வேண்டியிருக்கும், யாரையோ பார்க்க வேண்டியிருக்கும், யாருக்கோ செய்யாமல் விட்ட கடன் ஒன்று கையில் இருக்கும். தூக்கம் சரியானாலும் அது பகலில் வந்து நிற்கும். பணி ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் நாளுக்கு எட்டு மணி நேரம் தூங்குபவர், எந்தப் பாரமும் இல்லாதவர். ராமேசுவரத்து மணலை எடுத்துக்கொண்டு காசிக்குப் போய், கங்கையில் கரைக்க மணல் இல்லாமல் கை காலியாக நிற்பது போல அவருக்குக் கனவு. அப்பாவுக்கு அவர் கொடுத்திருந்த வாக்கு அது. அவருக்கு நான் ஓய்வு சொல்லவில்லை, டிக்கெட் எடுக்கச் சொன்னேன். இந்த அடையாளங்கள் என் அறைக்கு வந்தவர்களை வைத்து நான் சேர்த்தவை, ஆராய்ச்சியில் தேறியவை என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் கலந்து வருவதுதான் அதிகம்.

உங்கள் அழுகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கனவிலிருந்து எழுந்ததும் வரும் அழுகை பத்து நிமிடத்தில் கரைந்து, மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போது சரியாகிவிட்டால் பரவாயில்லை. ஆனால் வழக்கத்தை விட இரண்டு மணி நேரம் முன்னதாகவே விழிப்பு வந்து மறுபடி தூக்கம் பிடிக்காமல் இருந்தால், காலையில் மனசு கல்லாகக் கனத்துச் சாயங்காலம்தான் கொஞ்சம் இலகுவானால், பிடித்த சாப்பாடும் பிடிக்காமல் போனால், இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் சிகிச்சையும் உண்டு. தண்ணீருக்குள் இருந்து மேலே வர மனசில்லை என்ற நினைப்பு விழித்த பிறகும் இருக்கிறதா என்று உங்களை நீங்களே நேராகக் கேட்டுப் பாருங்கள். இருந்தால் நோட்டுக்கும் கனவுக்கும் காத்திருக்க வேண்டாம். அன்றே மகளிடம் சொல்லுங்கள், 14416 என்ற அரசு மனநல எண்ணைக் கூப்பிடுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

அது இல்லையென்றால், நோட்டை இன்றிரவே தொடங்குங்கள். நான் மேலே சொன்ன நான்கோடு, எழுந்தபோது வியர்த்திருந்ததா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 14 நாள் ஆனதும் தொடர்ந்து ஏழு இரவு மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வேறு யாராவது எடுக்க வேண்டும். மகள் இரண்டு இரவு, கணவர் மூன்று இரவு, நாத்தனார் ஒருவர் வந்து இரண்டு இரவு என்று பிரித்தால் முடியும். காலைப் பால் மட்டும் பக்கத்து வீட்டில் யாராவது கறந்து சொசைட்டிக்கு ஊற்றட்டும். நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திப் படுங்கள். முதல் மூன்று நான்கு நாள் கனவு கூடினால் பயப்பட வேண்டாம். ஏழாம் நாளுக்குப் பிறகு ஒரு பகலில், வேலை ஓய்ந்த நேரத்தில், கூடுதுறைக்குப் போக வேண்டும் போல இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போங்கள், யாருக்காகப் போகிறீர்கள் என்பது அதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லாவிட்டாலும் அந்த ஏழு இரவு உங்களுக்குச் சேர வேண்டியதுதான். அதைச் சங்கமேஸ்வரர் பேரைச் சொல்லித்தான் வாங்க வேண்டியிருந்தால் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள், அதில் சாமிக்கு ஒரு குறையும் வராது.

பள்ளிபாளையத்து அம்மா பிறகு இரண்டையும் செய்தார். மாமியார் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கழிக்கும் நாற்காலி வாங்கிப் போட்டார்கள், இரவு ஒரு மணிக்கு எழும் முறையைக் கணவர் எடுத்துக்கொண்டார். தறி இரவு பத்தரைக்கு நின்றது, கூலி கொஞ்சம் குறைந்தது. அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்குத் தங்கச்சியோடு காவிரிக்குப் போனார். கூட்டத்தில் தள்ளுமுள்ளு, தண்ணீர் கலங்கல், அமைதி ஒன்றும் கிடைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அம்முச்சிக்கு ஒரு கருகமணி விட்டுவிட்டு வந்திருந்தார்.

நோட்டு முடிந்ததும் இங்கேயே எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு எழுதலாம், நீங்கள் முங்கியதும் எந்தச் சத்தம் நிற்கிறது என்பதை முதலில் எழுதுங்கள்.